ஒரே கட்டுரை, இரண்டு டிடெக்டர்: 94-ம் 22-ம் எப்படி வந்தது?

கேள்வி: கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒரு மாணவி கொடுத்த 900 சொல் ஆங்கிலக் கட்டுரையை இரண்டு ஏ.ஐ. டிடெக்டரில் போட்டுப் பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கிற ஒன்று 94% ஏ.ஐ. என்கிறது. காலேஜில் சந்தா கட்டி வைத்திருக்கிற இன்னொன்று 22% என்கிறது. இரண்டிலும் போட்டது அதே கட்டுரைதான். எதை நம்புவது? தமிழில் எழுதிய அசைன்மென்ட்டையும் இப்படிச் சோதிக்கலாமா?

பதில்:

எதை நம்புவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இந்த இரண்டு எண்ணும் ஒரே கேள்விக்கான பதில்தானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. சதவீதக் குறி இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தோன்றுகிறது. ஒரு மாணவிக்கு 94 மார்க், அவளுடைய வருகைப் பதிவு 22 சதவீதம் என்றால் இரண்டையும் கழித்துப் பார்ப்போமா?

இலவச டிடெக்டர்கள் பலவற்றில் வரும் எண், "இது ஏ.ஐ. எழுத்து என்று எனக்கு எவ்வளவு உறுதி" என்பதைச் சொல்வது. கட்டுரையில் 94 பங்கு ஏ.ஐ. என்று அதற்கு அர்த்தம் இல்லை. கல்லூரிகள் வாங்கும் கருவிகளில் பரவலாக இருக்கும் டர்ன்இட்டின் வேறு மாதிரி. அது கட்டுரையைச் சில நூறு சொற்கள் கொண்ட, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு மதிப்பு போட்டு, கடைசியில் உரைநடையில் எத்தனை சதவீதம் ஏ.ஐ. போல இருக்கிறது என்று பங்கைச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் "இதில் ஏ.ஐ. கலந்திருக்கிறது என்று 94% உறுதி" என்பதும் "இதில் 22% பகுதி ஏ.ஐ. போல இருக்கிறது" என்பதும் ஒரே கட்டுரையில் ஒன்றாக இருக்கலாம். அவற்றுக்குள் முரண்பாடே இல்லை.

எனவே முதல் வேலை, இரண்டு கருவியின் உதவிப் பக்கத்தையும் திறந்து அந்த எண் உறுதியா, பங்கா என்று பார்ப்பது. பங்கு என்றால் எதில் பங்கு என்பதையும் பாருங்கள். டர்ன்இட்டின் தொடர்ந்து எழுதிய உரைநடையை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. பட்டியல், அட்டவணை, கவிதை, கணினி நிரல் எல்லாம் கணக்கில் வராது. உங்கள் 900 சொல்லில் மேற்கோள் நூல் பட்டியலும் புள்ளி வைத்த குறிப்புகளுமாக 250 சொல் இருந்தால் மிச்சம் 650. அதில் 22% என்றால் 143 சொல், கிட்டத்தட்ட ஒரு பத்தி. அந்தக் கருவி 1 முதல் 19 வரை வரும் மதிப்புக்கு எண்ணையே காட்டாமல் நட்சத்திரக் குறி போட்டுவிடும், அந்த இடத்தில் தப்பு அதிகம் என்பதால். சந்தா கட்டியது அதுதான் என்றால் உங்கள் 22 அந்தக் கோட்டை இப்போதுதான் தாண்டியிருக்கிறது.

இரண்டும் படித்தது ஒரே பகுதியைத்தானா?

அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது இது. பலர் கவனிக்காமல் விடுவதும் இதுதான்.

இலவசக் கருவிகளில் சில, ராபர்ட்டா என்ற மொழி மாடலை வகைப்படுத்துவதற்குப் பழக்கி எடுத்தவை. ஜிபிடி-2 என்ற பழைய மொழி மாடலின் எழுத்தைக் கண்டுபிடிக்க ஓப்பன்ஏஐ 2019-ல் வெளியிட்ட டிடெக்டரும் அந்த வகைதான். ராபர்ட்டா ஒரே தடவையில் 512 டோக்கன் வரைதான் வாங்கும். டோக்கன் என்றால் சொல் அல்லது சொல்லின் ஒரு துண்டு. ஆங்கிலத்தில் 512 டோக்கன் என்பது ஏறக்குறைய 380 சொல். கருவியைக் கட்டியவர் கட்டுரையைத் துண்டுதுண்டாக வெட்டி எல்லாவற்றையும் அனுப்ப ஏற்பாடு செய்யாமல் விட்டிருந்தால், மாணவியின் கட்டுரையில் முதல் 380 சொல்லை மட்டும் படித்துவிட்டு முழுக் கட்டுரைக்கும் தீர்ப்பு வந்துவிடும். திரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

உங்கள் எண்களை இதோடு பொருத்திப் பாருங்கள். சந்தாக் கருவி சொல்லும் 143 சொல்லும் முன்னுரையில் இருந்தால், முதல் 380-ஐ மட்டும் பார்க்கிற கருவிக்கு அதில் ஐந்தில் இரண்டு பங்கு சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். 94 வர அதுவே போதுமானதாக இருக்கலாம். சந்தாக் கருவியில் எந்த வாக்கியங்களுக்கு வண்ணம் பூசியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், சோதித்துவிடலாம். இலவசக் கருவியில் மூன்று தடவை போடுங்கள். முதல் தடவை கட்டுரை அப்படியே. இரண்டாவது தடவை பத்திகளின் வரிசையைத் தலைகீழாக்கி: முடிவுரை முதலில், முன்னுரை கடைசியில். மூன்றாவது தடவை முன்னுரைப் பத்திகள் மட்டும். தலைகீழாகப் போட்டதும் 94 என்பது 20, 30 என்று சரிந்து, முன்னுரை மட்டும் போட்டால் மறுபடி 90-க்கு மேல் வந்தால், அது தலைப்பகுதியை மட்டும் படிக்கிறது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். மூன்றிலும் 94-ஐ ஒட்டியே நின்றால் தலைப்பகுதியை மட்டும் படிப்பதால் வந்த எண் இல்லை, காரணம் வேறு. மூன்று தடவையும் அங்கும் இங்கும் தாவினால், அந்த எண்ணுக்கு நிலையே இல்லை. அதை வைத்து யாரிடமும் பேசக் கூடாது.

இதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. ஒன்றில் ஃபைலை ஏற்றி, இன்னொன்றில் பி.டி.எஃப்.-லிருந்து காப்பி செய்து ஒட்டியிருந்தால் இரண்டுக்கும் போனது ஒரே எழுத்து இல்லை. பி.டி.எஃப். காப்பியில் பக்கத் தலைப்பு நடுவில் நுழையும், வரி முடிவில் சொல் உடையும், `fi` என்ற இரண்டு எழுத்து ஒட்டி ஒற்றை எழுத்தாகிவிடும். இப்படிப்பட்ட குப்பை மாடலுக்கு எதிர்பாராததாகத் தெரிவதால் மதிப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளும். கட்டுரையை வெறும் `.txt` ஃபைலாகச் சேமித்து, மேற்கோள் பட்டியல், தலைப்பு, பெயர், பதிவெண் எல்லாவற்றையும் நீக்கி, அதையே இரண்டிலும் ஒட்டுங்கள். லினக்ஸ் கையில் இருந்தால் இரண்டு வரி போதும்:

```
wc -w essay.txt
grep -nP '[^\x00-\x7F]' essay.txt
```

முதல் வரி சொற்களை எண்ணும். இரண்டாவது, சாதாரண ஆங்கில விசைப்பலகையில் இல்லாத எழுத்து உள்ள வரிகளைக் காட்டும். வளைந்த மேற்கோள் குறியும் நீளக் கோடும் வந்தால் கவலையில்லை, வேர்டு தானாகப் போடுவது. ஆங்கில `a` மாதிரியே தெரியும் ரஷ்ய எழுத்தோ, கண்ணுக்குத் தெரியாத வெற்று எழுத்தோ ஆங்காங்கே வந்தால் யாரோ டிடெக்டரை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடம் உண்டு. எந்த டிடெக்டரின் சதவீதத்தையும் விட அது கெட்டியான தடயம்.

வழி வேறு, கட்-ஆஃப் வேறு

எழுத்து ஒன்றே, முழுதும் படித்தன, இரண்டு எண்ணும் ஒரே பொருளில்தான் என்றாலும் வித்தியாசம் நிற்கலாம். டிடெக்டர்கள் பார்க்கும் வழி இரண்டு.

ஒரு வகை, எழுத்து எவ்வளவு ஊகிக்கக் கூடியது என்று பார்க்கும். "யானை வரும் பின்னே" என்று ஆரம்பித்தால் "மணியோசை வரும் முன்னே" என்று நீங்களே முடித்துவிடுவீர்கள். அடுத்த சொல் எது என்பதற்கு மொழி மாடல் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய்ப்பு கணக்கிடுகிறது. வந்த சொற்களுக்கு அது சராசரியாக 0.5 வாய்ப்பு கொடுத்திருந்தால் பெர்ப்ளெக்சிட்டி என்ற அளவு 2, 0.05 கொடுத்திருந்தால் 20. எண் குறைந்தால் எழுத்து ஊகிக்கத்தக்கது, அதாவது ஏ.ஐ. சாயல். 2023 ஜனவரியில் வந்த ஜிபிடிஸீரோ தொடக்கத்தில் இதையும், இந்த எண் வாக்கியத்துக்கு வாக்கியம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும்தான் முக்கியமாகப் பார்த்தது. இன்னொரு வகை, மனிதர் எழுதியதும் ஏ.ஐ. எழுதியதுமாக ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் காட்டிப் பழக்கிய கிளாசிஃபயர். அதற்குத் தெரிந்தது பழக்கிய மாதிரிகள் மட்டுமே. ஜிபிடி-2 காலத்தில் பழக்கியது இன்றைய மாடல்களின் எழுத்தைப் பார்த்துவிட்டு மனிதர் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். இலக்கணத் திருத்தக் கருவியில் ஓட்டி எடுத்த மனித எழுத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதும் பழக்கியவர் அன்று எடுத்த முடிவு.

முன்னுரையில்தான் இந்த இரண்டும் அடிக்கடி பிரியும். பாடப் புத்தக வரையறை, "இக்கட்டுரை மூன்று பகுதிகளாக" என்ற வகை வாக்கியம் எல்லாம் யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெர்ப்ளெக்சிட்டி பார்க்கும் கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். மாணவர் கட்டுரைகளில் பழகிய கிளாசிஃபயர் விட்டுவிடும்.

அப்புறம் கட்-ஆஃப். நம் ஊரில் பொறியியல் கவுன்சிலிங் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: அதே மார்க், ஒரு கல்லூரியில் சீட்டு, இன்னொன்றில் இல்லை. 2024-ல் வெளிவந்த பைனாகுலர்ஸ் என்ற டிடெக்டரில் இதை நேராகப் பார்க்கலாம், அதன் நிரல் திறந்தே கிடக்கிறது. ஃபால்கன் குடும்பத்து இரண்டு மொழி மாடல்களை வைத்து ஒரு விகிதம் கணக்கிடும்; எண் குறைந்தால் ஏ.ஐ. அதில் இரண்டு கட்-ஆஃப் வைத்திருக்கிறார்கள். சராசரித் துல்லியம் நன்றாக இருக்க வேண்டும் என்றால் சுமார் 0.9015, மனிதரைத் தப்பாகப் பிடிப்பது பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்றால் சுமார் 0.8536. ஒரு கட்டுரைக்கு 0.88 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்-ஆஃபில் ஏ.ஐ., இரண்டாவதில் மனிதர். கருவி, மாடல், எண் எதுவும் மாறவில்லை. இரண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு கட்-ஆஃப் வைத்து, தம் எண்ணைத் தத்தம் வழியில் சதவீதமாக நீட்டிக் காட்டினால் 94-ம் 22-ம் வருவதில் ஆச்சரியம் இல்லை. தண்டனை தரும் இடத்துக்கு விற்பவர் தப்பாகப் பிடிப்பதைக் குறைக்கத்தான் பார்ப்பார், அதற்காகச் சில ஏ.ஐ. எழுத்து தப்பிப் போனாலும் பரவாயில்லை என்று. இலவசக் கருவிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

உங்கள் வகுப்பை வைத்தே சோதியுங்கள்

கருவியின் விளம்பரத்தில் இருக்கும் துல்லியம் வேறு யாரோ எழுதிய எழுத்தில் எடுத்தது. உங்களுக்கு வேண்டியது உங்கள் மாணவர்களின் ஆங்கிலத்தில் அது என்ன செய்கிறது என்பது. 2022 நவம்பர் 30-க்கு முன், அதாவது சாட்ஜிபிடி வெளிவருவதற்கு முன், அதே பாடத்துக்கு வந்த பழைய அசைன்மென்ட்கள் பத்து எடுங்கள். கிடைக்காவிட்டால் தேர்வறையில் கையால் எழுதியதைத் தட்டச்சு செய்துகொள்ளலாம், எழுத்துப் பிழையைத் திருத்தாமல். இன்னொரு பக்கம், அதே தலைப்புக்கு ஏ.ஐ. கருவியில் பத்துக் கட்டுரை எழுத வையுங்கள். எல்லாமே 700 முதல் 900 சொல்லுக்குள் இருக்கட்டும். நீளம் மாறினால் மதிப்பும் மாறும். பெயரையும் பதிவெண்ணையும் நீக்கிவிட்டு இருபதையும் இரண்டு டிடெக்டரிலும் போட்டு, எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடித்துவிடுங்கள், நடுவில் கருவியைப் புதுப்பித்துவிட்டால் கணக்கு குழம்பும்.

இப்போது 94-க்கு அர்த்தம் கிடைக்கும். பழைய மனிதக் கட்டுரை பத்தில் நாலுக்கு இலவசக் கருவி 90-க்கு மேல் கொடுத்தால், மாணவியின் 94 எதையும் நிரூபிக்கவில்லை. ஏ.ஐ. கட்டுரை பத்தில் ஆறுக்குச் சந்தாக் கருவி 30-க்குக் கீழ் கொடுத்தால், அதன் 22 நல்ல சான்றிதழும் இல்லை. பத்து மனிதக் கட்டுரையில் ஒன்றைக்கூடத் தப்பாகப் பிடிக்கவில்லை என்றால் நல்ல சேதிதான், ஆனாலும் தப்பு பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தில் பூஜ்யம் வந்தாலும் உண்மையான தப்பு விகிதம் 26% வரை இருக்க இடம் உண்டு. முப்பதில் பூஜ்யம் வந்தால்தான் அது 10 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது.

இரண்டும் ஒத்துப் போயிருந்தால்?

இரண்டும் 94 என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதுதான் எனக்கு அதிகக் கவலை. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை ஏ.ஐ. என்றன. குறைந்தது ஒரு டிடெக்டரிடமாவது மாட்டியவை 89. ஏழிடமும் மாட்டியவை 18.

அந்த 18-ஐக் கவனியுங்கள். ஒவ்வொரு டிடெக்டரும் தனித்தனியாக, மற்றதோடு சம்பந்தமில்லாமல் 61% தடவை தப்பு செய்தால், ஏழும் ஒரே கட்டுரையில் தப்பு செய்ய 0.61-ஐ ஏழு தடவை பெருக்க வேண்டும்: சுமார் 3 சதவீதம், அதாவது 91-ல் மூன்று. வந்தது 18. எல்லாக் கருவியும் அதே எளிய சொல், அதே பழகிய வாக்கிய அமைப்பைப் பார்த்துத்தான் ஏமாறுகின்றன. ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்த இரண்டு பேரை இரண்டு சாட்சி என்று எண்ண முடியாது. அதே ஆய்வில் இன்னொரு வேடிக்கை: அந்தக் கட்டுரைகளின் சொற்களைத் தாய்மொழிக்காரர் எழுதியது போல மெருகேற்றச் சொல்லி சாட்ஜிபிடியிடம் கொடுத்தபோது, தப்பாகப் பிடிபடுவது 61-லிருந்து சுமார் 12 சதவீதமாக இறங்கியது. ஏ.ஐ. கை பட்டதும்தான் மனிதர் எழுத்தாகத் தெரிந்திருக்கிறது!

தமிழ் வழியில் படித்து வந்த மாணவி என்றால், உங்கள் 94-ஐ இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வண்ணம் பூசிய பத்தியை எடுத்துவைத்து அதில் வரும் இரண்டு மேற்கோளை எங்கே படித்தாள், அந்த வாதத்துக்கு எப்படி வந்தாள் என்று பத்து நிமிடம் கேளுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றைக் காட்டச் சொல்லுங்கள். மெல்ல வளர்ந்த கட்டுரையா, 600 சொல் ஒரே நொடியில் வந்து விழுந்ததா என்று தெரியும். வந்து விழுந்ததாலேயே குற்றம் ஆகிவிடாது, வேறு ஃபைலில் எழுதி ஒட்டியிருக்கலாம். அந்த ஃபைலைக் காட்டச் சொல்லலாம்.

தமிழ் அசைன்மென்ட்

ஆங்கிலத்துக்குக் கட்டிய டிடெக்டரில் தமிழைப் போடாதீர்கள். எண் வரும். அதுதான் ஆபத்து.

ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம். "தமிழ்" என்பது கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 15. தமிழின் எல்லாக் குறிக்கும் முதல் பைட் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`. எழுத்தை வேறுபடுத்துவது பெரும்பாலும் மூன்றாவது பைட்தான். தமிழைப் பைட் பைட்டாக உடைத்துப் படிக்கிற மாடலுக்கு, 15-ல் பத்து இடங்களில் அடுத்து என்ன வரும் என்று ஏறக்குறைய முன்பே தெரியும். பாக்கி ஐந்து இடத்தில் பெர்ப்ளெக்சிட்டி 20 என்றாலும், தெரிந்த பத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால் 2.7 ஆகிவிடும். எழுத்து முறையால் வந்த இந்தச் சரிவை, "ஊகிக்கத்தக்க எழுத்து, ஆகவே ஏ.ஐ." என்று கருவி படித்துவிடும். தமிழுக்கெனத் தனி டோக்கன்கள் நிறைய வைத்திருக்கும் மாடலை உபயோகிக்கும் இன்னொரு கருவிக்கு இந்தச் சரிவு இருக்காது. தமிழில் இரண்டு டிடெக்டர்கள் எதிரும் புதிருமாகச் சொல்ல இது ஒன்றே போதும். ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் டிடெக்டரைப் பற்றி, ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அது இன்னும் மோசமாக வேலை செய்யும் என்று தானே சொல்லியிருந்தது. ஆங்கிலத்திலேயே அது ஏ.ஐ. எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தப்பாகப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் அதை எடுத்தும்விட்டார்கள்.

யாராவது "எங்கள் கருவி தமிழுக்கும் வேலை செய்யும்" என்று சொன்னால், 2015 வாக்கில் வந்த தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரைகளில் ஒரு பத்தை அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். அப்போது ஏ.ஐ. தமிழில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. எத்தனை சிவப்பாக வருகிறது என்று எண்ணினால் போதும்.